பில்லில் போய் உட்கார்ந்த ஐம்பது சதவீதம்

ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவருக்குப் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். உடனே பணம் கட்டுகிறவர்களுக்கு அரை சதவீதம் தள்ளுபடி. பில்லில் அது 50% என்று அச்சாகிப் போனது. வாங்கினவர் அதைக் காட்டிப் பாதிப் பணம்தான் அனுப்பினார். கூட்டல் சரியாகவே இருந்தது. பொய் சொன்னது அந்த ஒரு வரி மட்டும்.

```java
new DecimalFormat("0.##%").format(0.5)   // 50%
new DecimalFormat("0.##'%'").format(0.5) // 0.5%
```

பேட்டர்னில் % வந்தால் ஜாவா குறியை மட்டும் ஒட்டாது, எண்ணையும் நூறால் பெருக்கிவிடும். நான் சோதித்தது கையால் எழுதிய 0.18-ஐ வைத்து, அழகாக 18% வந்தது. டேபிளிலோ அரை சதவீதம் 0.5 என்றே இருந்தது. மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடி 0. சுழியை நூறால் பெருக்கினாலும் சுழிதானே, அதனால் இரண்டு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. 1800% என்று வந்திருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். 50% நம்பும்படி இருந்ததுதான் வினை.

டேபிளில் இருப்பது பின்னமா, சதவீதமா என்று முதலில் பாருங்கள். சதவீதமே என்றால், மேலே இரண்டாம் வரியில் உள்ளதுபோல் %-ஐ ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். அப்போது அது வெறும் எழுத்து. நூறால் வகுத்துக் கொடுக்கலாமே என்றார் எங்கள் சீனியர். நான் மறுத்தேன். நாளைக்கு வேறொருவர் அதே எண்ணைக் கணக்குக்கு எடுத்தால் திரும்பவும் வகுப்பார். "ஃபார்மேட்தானே, அதுல என்ன இருக்கு" என்று பார்க்காமலே ஒப்புதல் போட்டவரும் அந்தச் சீனியர்தான்.

மற்றவை சுலபம். பில் எண்ணுக்கு `000000`. 42 என்பது 000042 ஆகும். தொகைக்கு `#,##0.00`. புள்ளிக்கு முன்னுள்ள 0-வை விட்டு `#,###.00` என்று எழுதினால் ஐம்பது காசு .50 என்று தலையில்லாமல் நிற்கும்.

இன்னொன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். லட்சக் கணக்குக்காக `#,##,##0.00` என்று எழுதினாலும் ஜாவா கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னுள்ள இட எண்ணிக்கையை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 12,34,567.50 வேண்டிய இடத்தில் 1,234,567.50 தான் வரும். நான் ICU4J-இன் `DecimalFormat`-க்கு மாறினேன்; அதே பேட்டர்ன் அங்கே லட்சமாகப் பிரிகிறது. இதற்கெல்லாம் ஒரு லைப்ரரியா என்று அதற்கும் சீனியர் முணுமுணுத்தார். பாதிப் பணம் வந்த அன்று வியாபாரியின் போனை எடுத்தது நான், அவர் இல்லை.

இப்போது என் சோதனைப் பட்டியலில் முதல் மதிப்பு 0.5.