பதிவு சட்டென்று ஏறுகிறதா?

இன்ஸ்டாகிராமில் சேலை விற்பவர் என்றால், பதிவு போட்ட 1 மணி நேரத்தில் விழும் லைக்கை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கடைசி 11 பதிவுகளின் எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், வைரலான ஒரே பதிவு அதைத் தூக்கிவிடும். நடு எண் 40 என்றால், அதே 1 மணி நேரத்தில் 120 தாண்டும் பதிவைக் கடைப் பொறுப்பாளருக்கு உடனே வாட்ஸப்பில் அனுப்புங்கள். நடு எண்ணே 3, 4 என்றால் இந்த மும்மடங்குக் கணக்கு செல்லாது. அப்போது 30 லைக்காவது விழுந்தால் மட்டும் அனுப்புங்கள்.

அவர் முதலில் கமென்ட்டுகளைப் படிக்கட்டும். “விலை என்ன?” என்று குவிந்தால், விலையைக் கமென்ட்டில் போட்டு அதைப் பின் செய்யலாம், ஸ்டாக் இருந்தால் மட்டும் விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம். “சாயம் போகுது” என்று குவிந்தால் பதில்தான், விளம்பரம் கூடவே கூடாது.