வருகைக் கணக்கு: எதை எழுதுவது, எத்தனை காலம் வைத்திருப்பது?

நம்மவர்களில் பலர் காண்ட்ராக்டர்களிடம் வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன், காவலர் என்று வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தில் தகராறு வந்ததும் "நான் வேலை செய்தது எல்லோருக்கும் தெரியும்" என்பார்கள். விசாரணையில் அந்த எல்லோரும் வருவதில்லை. காண்ட்ராக்டரின் மஸ்டர் ரோல் மட்டும் வரும். அதை எதிர்த்து நிற்கக்கூடிய சொந்தக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

ஒரு வெல்டருக்கு 8 மணி நேரத்திற்கு நாள் கூலி 720 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 டிசம்பரில் ஞாயிறுகளும் 25ஆம் தேதியும் நீங்கலாக அவர் 26 நாள் வேலை செய்தார். அதில் 18 நாள் காலை 8 முதல் இரவு 7 வரை வேலை. காண்ட்ராக்டர் 22 நாளுக்கான 15,840 ரூபாயைக் கொடுத்துவிட்டு, மஸ்டரில் அவ்வளவுதான் இருக்கிறது என்கிறார்.

விடுபட்ட 4 நாள் எங்கே போயிற்று? 16 முதல் 19 வரை அதே காண்ட்ராக்டர் அவரை வேறொரு ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார். வேலைத்தலத்திற்கு ஒரு மஸ்டர் என்று இருப்பதால் முதல் இடத்தில் அவர் 'ஆப்சென்ட்' ஆகிவிட்டார். இரண்டாவது இடத்து மஸ்டரில் பெயரே ஏறவில்லை. நாள் குறைவதற்குப் பொதுவான காரணம் இதுதான். எப்போதும் அது திருட்டு அல்ல. பல சமயம் வெறும் அலட்சியம்.

இப்போது அவருடைய நோட்டைப் பாருங்கள். 16ஆம் தேதிக்கு நேரே ஒரு டிக் மட்டும் இருந்தால் பயன் குறைவு. "16-12-2025, செவ்வாய். இரண்டாம் ஷெட். 08.00 - 19.00. சாப்பாடு 13.00 - 14.00. தண்ணீர்த் தொட்டி பிராக்கெட் வெல்டிங். உடன் ஒரு பிட்டர் (பெயர்). அனுப்பியவர் சூப்பர்வைசர் (பெயர்). கேட் சீட்டு எண்" என்று இருந்தால் கதையே வேறு. இந்த வரி தானாக எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் நிரூபிக்கக்கூடிய மற்ற ஆவணங்களைச் சுட்டிக் காட்டுகிறது. அந்த ஷெட்டின் கேட் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் கேட்க முடியும். பிட்டரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியும். தேதியும் எண்ணும் இல்லாமல் "ரிஜிஸ்டரைக் கொண்டு வாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எதிர்த் தரப்பு நழுவிவிடும்.

சாப்பாட்டு நேரத்தை எழுதுவது சின்ன விஷயமாகத் தோன்றும். 8 முதல் 7 வரை 11 மணி நேரம். ஒரு மணி நேர இடைவேளை போனால் வேலை 10 மணி, ஓவர்டைம் 2 மணி. இடைவேளை எழுதப்படாவிட்டால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் சேர்த்து 2 மணி நேரம் ஓய்வு கொடுத்தோம் என்று எதிர்த் தரப்பு சொல்லும், ஓவர்டைம் பாதியாகிவிடும். ஓவர்டைம் கூலி சாதாரண விகிதத்தில் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மணிக்கு 90 ரூபாய் என்றால் ஓவர்டைமுக்கு 180. 18 நாளில் 36 மணிக்கு 6,480 ரூபாய். பாதியானால் நஷ்டம் 3,240 ரூபாய். விட்டுப்போன 4 நாளின் கூலியான 2,880ஐயும் சேர்த்தால் அவருக்கு வர வேண்டிய பாக்கி 9,360 ரூபாய்.

இரவு ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 14ஆம் தேதி இரவு 10 மணிக்கு ஏறி 15ஆம் தேதி காலை 6 மணிக்கு இறங்கினால், ஏறிய தேதியின் கீழ் "22.00 - 06.00 (15-12)" என்று எழுதுங்கள். ரயில்வேயில் நாங்கள் 24 மணிக் கடிகாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான். தேதியும் நேரமும் எண்களில் இருந்தால் தமிழ் தெரியாத அதிகாரியும் படித்துவிடுவார். வேலை விவரம் தமிழில் இருக்கலாம். பிறகு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டிவரும், அவ்வளவே.

நோட்டு தைத்த நோட்டாக இருக்கட்டும், உதிரித் தாள் வேண்டாம். அன்றன்றே எழுத வேண்டும். வேலைக்குப் போகாத நாளையும், சீக்கிரம் திரும்பிய நாளையும் எழுத வேண்டும். தனக்குப் பாதகமானதையும் எழுதியிருக்கும் கணக்கைத்தான் நம்புவார்கள். பிழை நேர்ந்தால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் திருத்துங்கள். தகராறு வந்தபின் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. ஒரே பேனா, ஒரே கையோட்டம், ஒரு மாதம் முழுதும் காலை சரியாக 8.00 என்று இருந்தால், ஒரே உட்காரலில் எழுதியது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எண்ணெய்க் கறை படிந்த மூலமே மேல்.

சம்பளம் வாங்கும்போது எந்தத் தேதி, எந்த மாதத்துக்கு, எவ்வளவு, ரொக்கமா வங்கி வழியா என்பதையும் அதே நோட்டில் குறியுங்கள். வெற்று ரிஜிஸ்டரில் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்தின் பக்கத்தில் உங்கள் கையாலேயே வாங்கிய தொகையையும் தேதியையும் எழுதுங்கள். முன்பணப் பிடித்தம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி, எத்தனை காலம்? ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பாக்கி எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி இருக்க வேண்டாம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். ஆகவே நம் வெல்டரின் டிசம்பர் பாக்கிக்கு 2026 ஜனவரி முதல் வாரத்திலிருந்து எண்ணி, 2029 ஜனவரி முதல் வாரம் வரை காலம் இருக்கிறது. முன்பிருந்த சட்டங்களில் இந்தக் காலம் மிகக் குறைவு: 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் 12 மாதம், 1948ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 6 மாதம். அந்தப் பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் புதுக் கணக்கை நம்பிச் சும்மா இராமல் உடனே விசாரிப்பது நல்லது.

என் அபிப்பிராயம், தினசரி நோட்டை 5 ஆண்டு வைத்திருங்கள். வழக்குத் தொடுத்துவிட்டால் மேல்முறையீடு முடியும் வரை எறியக் கூடாது. மாதச் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், அடையாள அட்டை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும் வரை அவை இருக்க வேண்டும். பஞ்சிங் இயந்திரம் தரும் வழுவழுப்பான சீட்டுகள் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே செராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள். காண்ட்ராக்டர் இடத்தைக் காலி செய்யும்போது இயந்திரமும் அதிலுள்ள பதிவுகளும் அவரோடு போய்விடும் என்பதால், மாதா மாதம் அச்சுப்பிரதி கேட்டு வாங்குங்கள். சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைப் படம் பிடித்ததோடு நிறுத்தாமல், அந்தப் பழைய போனையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆவணத்தின் பிரதியைத் தாக்கல் செய்ய, சட்டம் சொல்லும் சான்றிதழும் தேவைப்படும். அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது உதவும்.

"கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது முதலாளி அல்லவா?" என்று கேட்கலாம். ஆம், சம்பளம் கொடுக்கப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமையைப் புதிய சட்டம் முதலாளி மேல்தான் வைக்கிறது. ஆனால் அந்த நாளில் வேலையே செய்யவில்லை என்று அவர் சொன்னால் வழக்கு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆட்குறைப்பு வழக்கு ஒன்றில், 240 நாள் வேலை செய்ததாகத் தொழிலாளி தாமே கொடுத்த பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது சம்பள வழக்கு அல்ல என்றாலும், வேலை செய்த நாளுக்கு ஆதாரம் கேட்கப்படும் என்பது அதிலிருந்து தெரியும். நம் வெல்டரின் 4 நாளுக்கு அந்தக் கேட் சீட்டு எண்தான் உயிர்.

மனுவைத் தொழிலாளியோ, அவர் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கமோ கொடுக்கலாம். காண்ட்ராக்டர் ஓடிவிட்டால், வேலை யாருக்காக நடந்ததோ அந்த நிறுவனத்தையும் பொறுப்பாக்க வழியிருக்கிறது. அதனால் நோட்டின் முதல் பக்கத்திலேயே காண்ட்ராக்டரின் பெயர், மூல நிறுவனத்தின் பெயர், வேலைத்தலத்தின் முகவரி மூன்றையும் எழுதிவையுங்கள். மனுவோடு நோட்டின் பிரதியை மட்டும் இணைத்து, மூலத்தை விசாரணை நாளில் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு வைத்துக்கொண்டால், தேதியும் பக்க எண்ணிக்கையும் குறித்த ரசீது வாங்காமல் நகராதீர்கள்.