அடிமானத்திலும் x இருந்தால்?

கேள்வி: logₓ(2x − 3/4) > 2 என்ற கணக்குக்கு 1/2 < x < 3/2 என்று விடை எழுதினேன். தவறு என்கிறார் ஆசிரியர். எங்கே பிசகு?
– பிளஸ் ஒன் மாணவி, ஈரோடு

பதில்: உங்கள் விடைக்குள் இருக்கும் x = 3/4 ஐப் போட்டுப் பாருங்கள். 2x − 3/4 என்பதும் 3/4 தான். அடிமானமும் எண்ணும் ஒன்றானால் மடக்கை 1. அது 2 ஐவிடப் பெரியதல்லவே!

மடக்கையை நீக்கி 2x − 3/4 > x² என்று எழுதியிருப்பீர்கள். அடிமானம் 1 ஐவிடப் பெரிதாக இருந்தால்தான் அது செல்லும். 0க்கும் 1க்கும் இடையில் இருந்தால், எண் பெருகப் பெருக மடக்கை குறையும். அதனால் குறியைத் திருப்ப வேண்டும். இங்கே அடிமானமே x என்பதால் இரண்டு நிலைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதல் நிலை, x > 1. அப்போது x² − 2x + 3/4 < 0, அதாவது (x − 1/2)(x − 3/2) < 0. இதிலிருந்து 1/2 < x < 3/2 கிடைக்கும். x > 1 என்பதையும் சேர்த்தால் 1 < x < 3/2.

இரண்டாம் நிலை, 0 < x < 1. இப்போது 2x − 3/4 < x². எனவே x < 1/2 அல்லது x > 3/2. பின்னது இந்த நிலைக்குள் வராது. மடக்கைக்குள் இருப்பது மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்பதால் x > 3/8. முதல் நிலையில் அது x² ஐவிடப் பெரியது என்பதால் இதைத் தனியே பார்க்கத் தேவைப்படவில்லை; இங்கே விட்டால் விடை தப்பும். ஆக, 3/8 < x < 1/2.

முழு விடை: 3/8 < x < 1/2 அல்லது 1 < x < 3/2. ஒவ்வொரு நிலையிலும் கிடைப்பதை அந்த நிலையின் நிபந்தனையோடு வெட்டிய பிறகே இரண்டையும் சேருங்கள்.