கால் நகம் சொத்தையானால்: பங்கசா, சொரியாசிஸா, பழைய அடியா?

டயகமவில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால், கான் வெட்டுகிறவரின் பூட்ஸ் மறுநாள் பிரட்டுக்குள் காய்வதில்லை. வெளியே ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கும் குளிர். பூட்ஸுக்குள்ளே வெதுவெதுப்பும் ஈரமும். கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தில் மாவு மாவாக உதிரத் தொடங்கினால் அதற்கு இந்த ஈரத்தைத்தான் காரணம் சொல்வோம். "நகச்சொத்தை" என்று ஒரு பேர் வைத்து, பாமசியில் பங்கசு மருந்தும் வாங்கிவிடுவோம்.

சொத்தையாகத் தெரியும் கால் நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் பங்கசு காரணம். மற்றவற்றில் அடிக்கடி காண்பவை இரண்டு: சொரியாசிஸ், பழைய அடி. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மருந்து வேறு. பங்கசுக்குக் கொடுக்கும் டெர்பினஃபின் மாத்திரை சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். சொரியாசிஸுக்குப் பூசும் ஸ்டீரோய்ட் களிம்பைப் பங்கசுக்குப் பூசினால், அரிப்பும் சிவப்பும் அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் பங்கசு பரவும். அடிபட்ட நகத்துக்கோ எந்த மாத்திரையும் வேலை செய்யாது.

எந்தப் பக்கமிருந்து கெட்டது?

நகம் தோலுக்கு அடியிலுள்ள வேரில் பிறந்து நுனியை நோக்கி நகர்கிறது. கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீற்றர்தான் வளரும். வேரிலிருந்து நுனிக்கு வந்து சேர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். ஆகவே நகத்தில் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

பங்கசு எதிர்த்திசையில் வருகிறது. கால் விரலிடுக்கிலோ உள்ளங்காலிலோ முதலில் குடியேறி, நகத்தின் நுனியிலோ பக்க ஓரத்திலோ அடியில் நுழைந்து, வேரை நோக்கி ஏறும். அதனால் வேர்ப்பக்கம் நல்ல நகமாகவும் நுனிப்பக்கம் மஞ்சளாகவும் இருக்கும். மஞ்சள் சில வேளை கூரான கோடாக உள்ளே நீண்டிருக்கும். நகத்துக்கு அடியில் ஈர மாவுபோல ஒரு பொருள் சேர்ந்து நகத்தை மேலே தூக்கும். முதலில் ஒரு காலில் ஒன்றிரண்டு நகங்களில்தான் தொடங்கும். நாலாம் விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து உரிவதும், உள்ளங்கால் ரேகைகளில் மாப்பொடி தூவியதுபோல் செதில் இருப்பதும் இதன் கூட்டாளிகள். இரண்டு உள்ளங்காலோடு ஒரு கையின் உள்ளங்கை மட்டும் இப்படிக் காய்ந்திருந்தால் பங்கசின் மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

இந்தப் பங்கசுக்கும் நம் தீவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. உலகெங்கும் கால் நகத்தைக் கெடுப்பதில் முதலிடம் பிடிக்கும் டிரைகோஃபைட்டன் ரூப்ரம் என்ற இனத்தை, 1910இல் வேறொரு பெயரில் விவரித்து எழுதியவர் அல்டோ கஸ்டெல்லானி. அப்போது கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அவர்.

சொரியாசிஸ் வெளியிலிருந்து நுழைவதில்லை. அது உடம்பின் நோயெதிர்ப்புக் கோளாறு. நகத்தின் வேரையும் படுக்கையையும் தாக்குகிறது. பல நகங்கள் ஒன்றாகக் கெடுவது இதில் வழக்கம். நகம் படுக்கையை விட்டுப் பிரிந்த இடத்தின் எல்லையில் ஒரு செம்மஞ்சள் கரை தெரியும். நகத்தின் நடுவே, கடதாசியில் எண்ணெய் சொட்டியதுபோல ஒரு மங்கலும் தெரியலாம்.

பழைய அடிக்கு ஒரு நாள் உண்டு. அலவாங்கு விழுந்தது, கல் உருண்டது, அல்லது விரலை நெரிக்கும் பூட்ஸைப் பல வருடம் போட்டது. வேர் காயப்பட்டால் நகம் அன்றிலிருந்து தடித்தோ குறுக்கே மேடு பள்ளமாகவோதான் வரும். அது பெரும்பாலும் அடிபட்ட விரலோடு நிற்கும். பூட்ஸ் நெரித்ததானால் பெருவிரலிலும் சுண்டு விரலிலும் தெரியும். பக்கத்து நகத்துக்குத் தொற்றாது. விரலிடுக்குத் தோலும் நன்றாக இருக்கும். இரத்தம் கட்டிய கறுப்பு மட்டும் நகத்தோடு சேர்ந்து மெல்ல நுனிக்கு நகர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும்.

காலைப் பார்க்கும் முன் கையைப் பாருங்கள்

கால் நகத்தில் மட்டும் வந்தால் சொரியாசிஸும் பங்கசும் அச்சு அசலாக ஒன்றுபோலிருக்கும். அதனால்தான் தோல் வைத்தியர் காலைக் காட்டப் போனவரிடம் கையை நீட்டச் சொல்வார். கை நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் பல இருந்தால் அது சொரியாசிஸின் பக்கம் சாயும்.

கொழுந்து எடுக்கும் பெண்களின் விரலில் தேயிலைச் சாறு கறுத்துப் படிந்திருக்கும். ஆகவே அவர்கள் கை நகத்தில் நிறத்தை நம்பாமல், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துக் குழிகளைத் தேட வேண்டும். பிறகு சொரியாசிஸ் ஒளிந்திருக்கும் இடங்கள்: முழங்கை, முழங்கால், காதுக்குப் பின்னால் மயிரோரம், தொப்புள், பிட்டப் பிளவு. அங்கே வெள்ளிச் செதிலோடு சிவந்த தடிப்பு இருக்கிறதா? காலையில் விரல் மூட்டு விறைக்கிறதா? ஒரு விரல் முழுவதுமாக வீங்குகிறதா? ஆம் என்றால் நகத்தை விட்டுவிட்டு மூட்டைப் பற்றித்தான் முதலில் வைத்தியரிடம் பேச வேண்டும். கவனியாமல் விட்ட மூட்டு நிரந்தரமாகக் கெடலாம்.

இரண்டும் சேர்ந்திருந்தால்?

கான் வெட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பதுக்கு மேல். ஆறு வருடத்துக்கு முன் இடது பெருவிரலில் அலவாங்கு விழுந்து நகம் கறுத்துக் கழன்றது. புதிதாக வந்த நகம் தடிப்பாகவே வந்தது. "அடிபட்ட நகம்தானே" என்று விட்டுவிட்டார். இரண்டு வருடமாக அதே நகத்தின் ஓரம் மஞ்சளாகி உதிர்கிறது. பக்கத்து விரலுக்கும் சுண்டு விரலுக்கும் வந்திருக்கிறது. விரலிடுக்கு வெளுத்திருக்கிறது. கை நகங்களில் குழி இல்லை.

தடிப்பு அடியால் வந்தது. மஞ்சளும் பரவலும் பங்கசு. அடிபட்டுத் தூக்கிக்கொண்ட நகத்தின் அடியில் பங்கசு எளிதாக நுழையும். சொரியாசிஸ் நகத்திலும் அப்படியே. எனவே ஒன்று இருக்கிறது என்பதால் மற்றது இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் பரிசோதனை.

சுரண்டிப் பார்க்கும் பரிசோதனை

நகத்துகளைப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பங்கசு இழைகள் தெரியும். எந்த இனம் என்று அறிய அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று, நான்கு வாரம் பிடிக்கும்.

இது பொய்த்துப்போவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்தில். நம் தொழிலாளிக்கு முதல் தடவை நகத்தின் நுனியை மட்டும் நறுக்கி அனுப்பினால் "பங்கசு இல்லை" என்று வரக்கூடும். நுனியில் இருப்பது பழைய, செத்த பங்கசு. கெட்ட நகத்தை முடிந்தவரை உள்ளே வரை வெட்டி, நல்ல நகம் தொடங்கும் எல்லைக்கு அருகில் அடியிலுள்ள மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். களிம்பு பூசுகிறவர் இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டுப் போக வேண்டும். மாத்திரை போட்டிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். அதன் தாக்கம் நகத்தில் மாதக்கணக்கில் நிற்கும்.

துகளை ஈரமில்லாத மடித்த கடதாசியில் வைத்தால் போதும். உலர்ந்த நகத்துகள் பயணத்தில் கெடாது என்பதால், ஆள் போகாமலே மாதிரி கொழும்பு வரை போகலாம். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதைப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. ஒரு தடவை இல்லை என்று வந்து, அறிகுறி எல்லாம் பங்கசைக் காட்டினால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள்.

எதற்கு எது?

பங்கசு உறுதியாகி, ஒன்றிரண்டு நகத்தின் நுனிப்பாதியில் மட்டும் இருந்தால் அமொரோல்ஃபின் போன்ற நகப்பூச்சு போதுமாகலாம். வாரம் ஒன்றிரண்டு தடவை, நகத்தை அராவிவிட்டுப் பூச வேண்டும். 9 முதல் 12 மாதம் விடாமல். தடித்த நகத்துக்குள் அது ஊறாது.

பாதிக்கு மேல் ஏறியிருந்தாலோ பல நகத்தில் இருந்தாலோ மாத்திரை. பெரியவர்களுக்கு வழக்கம், டெர்பினஃபின் 250 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, 12 வாரம். ஈரல் நோய் உள்ளவருக்கு இது ஆகாது. தொடங்குமுன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இடையில் சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்த வேண்டும். மாற்றான இட்ரகொனசோல் இதயம் பலவீனமானவருக்குக் கூடாது. சிம்வஸ்டட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளோடும் சேராது. இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, "கேட்கவில்லை" என்று விடுவது காசை ஆற்றில் போடுவதுதான்.

சொரியாசிஸ் என்றால் வைத்தியர் தரும் ஸ்டீரோய்ட் அல்லது விட்டமின் டி வகைக் களிம்பு. மூட்டும் சேர்ந்தால் மாத்திரையோ ஊசியோ. நகத்தை ஒட்ட வெட்டுவதும் அடியில் தோண்டுவதும் கூடாது. ஒவ்வொரு சிறு காயமும் சொரியாசிஸை அந்த இடத்துக்கே அழைக்கும்.

பழைய அடி மட்டும் என்றால் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து நேராக வெட்டி அராவுவது, 40 வீத யூரியாக் களிம்பால் இளக்குவது, முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் இடமுள்ள பூட்ஸ். அவ்வளவுதான்.

மூன்றிலும் அடங்காத சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு புதிதாக வந்து அகன்றாலோ, கறுப்பு நகத்தோரத் தோலுக்கும் பரவினாலோ அது தோல் புற்றுநோயாக இருக்கலாம். சீனி வருத்தமுள்ளவர் தடித்த நகத்தைத் தானே வெட்டவே கூடாது. விரல் சிவந்து சுட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு

நம் தொழிலாளி 84 மாத்திரையையும் முடித்த அன்று நகம் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கும். புதிதாக வந்திருப்பது நான்கைந்து மில்லிமீற்றர். அதனால் தொடங்கும் நாளிலேயே மஞ்சளின் உள்ளெல்லையில் அரத்தால் ஒரு மெல்லிய கோடு கீறி, திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைக்கலாம். கோடு நுனியை நோக்கி நகர, அதற்கு உள்ளே நகம் தெளிவாக வந்தால் மருந்து கேட்கிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் திரும்பவும் வைத்தியரிடம் போக வேண்டும்.

விரலிடுக்குக்கும் களிம்பு பூச வேண்டும். அதை விட்டால் பங்கசு அங்கிருந்து மறுபடி நகத்துக்கு ஏறும். இரண்டு சோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்றாவது அடுப்படிப் பக்கத்தில் முழுதாய்க் காயும். நகவெட்டியை வீட்டில் ஒருவருக்கொருவர் கொடுக்காதீர்கள்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் நகத்தில் மஞ்சள் போயிருக்கும், உதிர்வு நின்றிருக்கும், அலவாங்கு தந்த தடிப்பு மட்டும் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து, இன்னும் குணமாகவில்லை என்று இன்னொரு மூன்று மாத மாத்திரை வாங்கப் போகக் கூடாது. அது நோயல்ல, தழும்பு.