அடுக்கினால் மட்டும் ஏறாது: பாட்டெழுதும் ஒரு தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

தைப்பூசத்துக்காக நீ எழுதி அனுப்பிய பாட்டைப் படித்தேன். தண்ணீர்மலை ஏறும்போது உறுமி மேளக் குழுவோடு பாட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பல்லவி நன்றாக இருக்கிறது. சரணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ எழுதிய நான்கு வரிகள் இவை:

இன்னும் ஒரு படி, முருகா அருள்வாய்
இன்னும் ஒரு படி, வேலா வருவாய்
இன்னும் ஒரு படி, கந்தா காப்பாய்
இன்னும் ஒரு படி, குமரா தருவாய்

'இன்னும் ஒரு படி' என்ற தொடரைப் பிடித்தது உன் நல்ல காது. மலையேறுகிறவருக்குப் பக்கத்தில் நடப்பவர் இயல்பாகச் சொல்லும் சொல் அது. ஆனால் நான்கு முறை வந்தும் வேகம் கூடவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டாம் வரியையும் நான்காம் வரியையும் இடம் மாற்றிப் பாடிப் பார். ஏதாவது கெட்டதா? கெடவில்லை. எந்த வரி எங்கே நின்றாலும் ஒன்றுதான் என்றால், பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று பொருள்.

இப்படி எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. போற்றிப் பாடல்களும் நாமாவளிகளும் இப்படித்தான் அமைகின்றன. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தை எடுத்துக்கொள். அங்கே 'காக்க' என்ற சொல் உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். ஒன்றும் விட்டுப்போகாமல் முழு உடம்பையும் மூடுவதுதான் அதன் வேலை. கவசம் மூடினால் போதும், ஏற வேண்டியதில்லை. உன் பாட்டோ 513 படி ஏறுகிறவருக்கானது. மூடுகிற பாட்டின் முறையை ஏறுகிற பாட்டுக்கு எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

ஏறுகிற பாட்டில் திரும்ப வரும் சொல் அசையாது. அதை அடுத்து வருவதுதான் நகர வேண்டும். எப்படி நகர்வது என்பதற்குப் பாரதியின் 'அச்சமில்லை' பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அச்சமில்லை என்ற அடி மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு முன்னால் எட்டு நிலைமைகள் வருகின்றன. அவை எந்த வரிசையில் நிற்கின்றன என்று கவனி. முதலில் உலகமே எதிர்த்து நிற்கிறது. பிறகு அவமதிப்பு, பிச்சையெடுத்து உண்ணும் வாழ்வு, ஆசைப்பட்ட பொருளை எல்லாம் இழப்பது. அப்புறம் பெண்களின் பார்வை, நண்பரே ஊட்டும் நஞ்சு. அதன் பின்தான் வேற்படை வருகிறது. கடைசியில் வானமே இடிந்து தலையில் விழுகிறது.

சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிவது என்ற வரிசை இல்லை இது. உலகத்தில் தொடங்கி, வயிற்றுக்கும் ஆசைக்கும் இறங்கி, மிக அருகில் இருக்கும் நண்பர் வரை வந்துவிட்டு, பிறகு ஒரே தாவலில் படைக்கும் வானத்துக்கும் போகிறது. நடுவில் இறங்கியதால்தான் அந்தத் தாவல் அத்தனை உயரமாகத் தெரிகிறது. அதனால் அச்சமில்லை என்ற அதே சொல் ஒவ்வொரு முறையும் வேறு ஆளின் வாயிலிருந்து வருவது போலக் கேட்கிறது. பிச்சைக்காரர் சொல்லும் அச்சமில்லை ஒன்று, நண்பரின் நஞ்சை எதிரில் கண்டவர் சொல்லும் அச்சமில்லை இன்னொன்று.

ஓசையிலும் ஒரு காரியம் நடக்கிறது. அந்த எட்டு நிலைமைகளும் வெவ்வேறு சொல்லில் தொடங்கினாலும், எல்லாவற்றிலும் 'அச்சம்' என்ற சொல்லில் இருக்கும் அதே 'ச்ச' எதுகையாக வருகிறது. முடிவில் சொல் திரும்புகிறது, தொடக்கத்தில் ஓசை திரும்புகிறது. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால், முடிவில் திரும்புவது நமக்குத் தானாக வரும். நீயோ தொடக்கத்தில் திரும்புகிறாய். வரிகள் ஒரே சொல்லில் தொடங்கும்போது மோனையும் எதுகையும் உழைக்காமலே கிடைத்துவிடும். உழைக்காமல் கிடைத்த ஓசை இரண்டு வரியில் சலித்துவிடும். எனவே உன் ஓசை வேலையை 'இன்னும் ஒரு படி'க்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்கு. முருகா, வேலா, கந்தா, குமரா என்று நான்கும் விளியாக இருப்பதால் அந்த இடமும் உன் சரணத்தில் சலித்துப்போயிருக்கிறது.

உன் வரிகளை நான் இப்படி மாற்றிப் பார்த்தேன்:

இன்னும் ஒரு படி, பாதம் சுடுகிறது
இன்னும் ஒரு படி, தோள் கனக்கிறது
இன்னும் ஒரு படி, அண்ணன் கை நழுவியது
இன்னும் ஒரு படி, மேளம் கீழே நின்றது
இன்னும் ஒரு, மூச்சு
இன்னும்
வேல்

இதை இடம் மாற்ற முடிகிறதா பார். மேளம் கீழே நின்றதைப் பாதம் சுடுவதற்கு முன்னால் வைத்தால் கதை குலைந்துபோகும். முதல் இரண்டு வரியும் உடம்புக்குள் இருக்கின்றன. மூன்றாவதில் தாங்கிப்பிடித்த ஆள் போகிறார், நான்காவதில் உந்தித்தள்ளிய ஓசை போகிறது. ஒவ்வொரு படிக்கும் ஏறுகிறவரிடம் ஒன்று குறைகிறது. வினையும் சுடுகிறது, கனக்கிறது என்பதிலிருந்து நழுவியது, நின்றது என்று மாறுகிறது. வலி தொடர்கிறது, துணை முடிந்துபோகிறது.

எத்தனை முறை திருப்புவது என்று கேட்பாய். ஒரு பொருள் மேல் மூன்று அடுக்குவது தாழிசையின் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தின் கானல்வரியிலும் ஆய்ச்சியர் குரவையிலும் மூன்று மூன்றாக வருவதைப் பார்க்கலாம். முதல் முறை அது வெறும் சொல். இரண்டாம் முறை அமைப்பு புரிகிறது. மூன்றாம் முறை கேட்பவர் அதற்காகக் காத்திருக்கிறார். அதன் பிறகு நீ எதையாவது மாற்றியே ஆக வேண்டும். நான் நான்காவது வரை போனேன். மூன்றாவது வரியில் அண்ணன் வந்ததால் கிடைத்த சலுகை அது.

முறிக்கும் இடத்தில்தான் உச்சம் இருக்கிறது. ஐந்தாம் வரியில் 'படி' வரும் என்று எல்லாரும் வாயைத் திறந்திருக்கும்போது மூச்சு வருகிறது. ஆறாவதில் ஒரே சொல். வரி சுருங்கச் சுருங்கக் குழுவின் பதில் சீக்கிரம் வந்து விழும். உறுமிக்காரர் தாளத்தைக் கூட்டாவிட்டாலும் வேகம் கூடியது போல இருக்கும். இதற்குக் கூச்சலோ ஆச்சரியக்குறியோ தேவையில்லை.

கடைசியாக, திரும்ப வரும் சொல் உனக்குச் சொந்தமில்லை, கூட்டத்துக்குச் சொந்தம். நம் பினாங்கு போரியாவில் முன்பாட்டுக்காரர் ஒரு கண்ணி பாட, மற்றவர்கள் மாறாத அடியைத் திருப்பிப் பாடுவதைக் கேட்டிருப்பாய். புதிய சேதி எல்லாம் தனிக்குரலில், பழைய அடி எல்லாம் கூட்டத்தில். உன் பாட்டிலும் அப்படியே பிரித்துக்கொடு. 'இன்னும் ஒரு படி'யைக் கூட்டம் பாடட்டும், மீதியை நீ பாடு. முதன்முறை கேட்பவரும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதால் அந்தத் தொடர் உயிரோசையில் முடிவது நல்லது. 'படி' முடிவில் இகரம் இருப்பதால் 'படீ' என்று நீட்டலாம். 'வேல்' மெய்யில் முடிவதால் வெட்டென்று நிற்கும். அதனால்தான் அதைக் கடைசிக்கு வைத்தேன். நடுவில் எங்கும் அதைப் போடாதே, முடிவுக்கு மிச்சம் இருக்காது.

என் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. உன் இரண்டாம் சரணத்திலும் 'வருவாய், தருவாய்' என்ற அதே அடுக்கு இருக்கிறது. முதலில் இடம்மாற்றிப் பார், பிறகு ஒவ்வொரு வரியிலும் எது குறைகிறது அல்லது எது கூடுகிறது என்று பக்கத்தில் எழுது. எழுத ஒன்றும் கிடைக்காத வரியை அடித்துவிடு. மிஞ்சியது இரண்டே வரி என்றாலும் பரவாயில்லை, அதையே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்