ஒரே மேனேஜர், ரெண்டு ஆபரேட்டர்

'சிச்சுவேஷனல் லீடர்ஷிப்'னு மேனேஜ்மென்ட் பேப்பர்ல ஒரு தலைப்பு வரும். 1969-ல் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் முன்வைத்தது. நாலு கட்டம் வரைஞ்சு மார்க் வாங்கிட்டுப் போயிடுவோம். ஆனா அதை ஒரு மெஷின் ஷாப்புக்குள்ள கொண்டுபோய் வச்சாத்தான் விஷயம் பிடிபடும்.

ஒரு சிஎன்சி லேத்தை எடுத்துக்கோங்க. புது ஷாஃப்ட் ஒண்ணுக்கு செட்டிங் போடணும். சேர்ந்து ஒரு வாரமே ஆன டிரெய்னியிடம் "பார்த்துப் பண்ணிடுப்பா"ன்னு சொல்லிட்டு சூப்பர்வைசர் நகர்ந்துட்டா என்ன ஆகும்? ஆஃப்செட்ல ஒரு மைனஸ் குறி விட்டுப்போனாலே போதும், டூல் நேரா சக்குல போய் இடிக்கலாம். அதனால அவனுக்குச் சொல்ல வேண்டியது இப்படி இருக்கணும்: "ஒவ்வொரு டூலுக்கும் ஆஃப்செட் எடுத்து என்கிட்ட காட்டு. ப்ரோக்ராமை சிங்கிள் பிளாக்ல, ரேபிட் 25 சதவீதத்துல ஓட்டு. முதல் பீஸை அளந்து காட்டாம ரெண்டாவதைப் போடாதே." இதுதான் ஹெர்சி சொன்ன 'டெல்லிங்'. இது அதட்டல் இல்ல. எதை, எப்படி, எந்த இடத்துல நிறுத்திக் காட்டணும்னு சொல்றது, அவ்வளவுதான்.

அதே லேத்தில் பதினஞ்சு வருஷம் ஓட்டினவரிடம் இப்படிப் பேசினா? "என்மேல நம்பிக்கை இல்லையா சார்"னு நினைப்பார். அவருக்கு "அண்ணே, 200 பீஸ், வியாழக்கிழமைக்குள்ள வேணும். பேரிங் உட்கார்ற இடத்துல டாலரன்ஸ் டைட்டா இருக்கு"ன்னா போதும். வழியை அவர் பார்த்துக்குவார். இது 'டெலிகேட்டிங்'.

நம்மில் பலர் கோட்டைவிடுவது இதுக்கு அப்புறம்தான். இந்தத் தியரி அளக்கிறது ஆளை இல்ல, அந்த ஆள் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு எவ்வளவு தயார் என்பதை. அதே அண்ணனை நாளைக்கு கேம் சாஃப்ட்வேர்ல டூல்பாத் போட உட்கார வச்சா, அங்க அவரும் புதுசு. மரியாதை அப்படியே இருக்கணும், ஆனா படிப்படியா சொல்லித் தரணும். சங்கடம் என்னன்னா, சீனியர்கள் 'தெரியாது'ன்னு சுலபத்துல சொல்ல மாட்டாங்க. "எப்படி ஆரம்பிக்கப் போறீங்கண்ணே?"ன்னு கேட்டுப் பாருங்க. ஸ்டாக் சைஸ், டூல், எந்த வரிசைன்னு பதில் வந்தா விட்டுடலாம். "பார்த்துக்கலாம் சார்"னு வந்தா பக்கத்துல உட்காருங்க.

டிரெய்னியும் ஒரே இடத்துல நிக்கமாட்டான். ரெண்டு மாசத்துல ஆஃப்செட் எடுக்கத் தெரிஞ்சிருக்கும். ஆனா நாலு பீஸ் ரிஜெக்ட் ஆகி, ஆரம்பத்து ஆர்வம் வடிஞ்சிருக்கும். அப்போ செக்கிங்கை நிறுத்தக்கூடாது. கூடவே 'ஏன் இப்படி' என்கிற காரணத்தையும் சொல்லணும், அவன் கேள்விக்கு நேரம் கொடுக்கணும்.

இந்தத் தியரியை அப்படியே நம்பிடவும் வேண்டாம். 1987-ல் ராபர்ட் வெக்கியோ பள்ளி ஆசிரியர்களிடம் இதைச் சோதிச்சுப் பார்த்தார். புதுசா சேர்ந்தவங்களுக்குத் தெளிவான வழிகாட்டல் வேணும் என்கிற பகுதிக்குத்தான் நல்ல ஆதாரம் கிடைச்சது. அனுபவசாலிகளைப் பத்தின கணிப்பு அந்த அளவுக்குத் தேறல.