இடுப்பு வலியோடு கால் மரத்துப் போகிறதா? சுளுக்கா, நரம்பா என்று பிரித்துப் பார்ப்போம்

இடுப்பு பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை, "சுளுக்குதான், தைலம் தேய்ச்சா போயிடும்." பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் இடுப்பு வலியோடு காலும் மரத்துப் போனால், அதைச் சுளுக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஏன் என்று ஒரு உதாரணத்தோடு பார்க்கலாமா?

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் 41 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை காலை, 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கித் திரும்பும்போது இடுப்பில் 'சுரீர்' என்றது. நிமிர முடியவில்லை. தைலம் தேய்த்தார், படுத்தார். வியாழக்கிழமை இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் அன்றைக்கே வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம் வழியாக, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு வலி இறங்கியது. கரண்ட் ஷாக் மாதிரி. வெள்ளிக்கிழமை பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் மரத்துப் போயின. "இடுப்பு சரியாயிடுச்சு, கால்தான் ஏதோ பண்ணுது" என்று அவர் கடைக்குப் போய்விட்டார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இடுப்பு வலி குறைந்து கால் வலி ஏறுவது குணமாவதன் அடையாளம் அல்ல. பிரச்சினை நரம்புக்குப் போய்விட்டது என்பதற்கான அடையாளம் அது.

தசை வலிக்கும், மரத்துப் போகாது

தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்புத் தசை இழுபட்டால் வலிக்கும், இறுகும், தொட்டால் நோகும். சில சமயம் அந்த வலி பிட்டம், தொடை வரைக்கும்கூட பரவும். ஆனால் பொதுவாக முழங்காலைத் தாண்டாது. முக்கியமாக, தசைப்பிடிப்பால் பாதம் மரத்துப் போகாது. தோலின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு போவது நரம்பு. அந்த உணர்ச்சி குறைந்தால், நரம்பு எங்கோ அழுத்தப்படுகிறது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

நம் கீழ் முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு டிஸ்க் உண்டு. அதன் வெளிச்சுவர் கிழிந்து உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கினால், பக்கத்தில் இறங்கும் நரம்பு வேரைத் தொடும். அந்த வேர்கள் சேர்ந்துதான் பிட்டம் வழியாகக் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு உருவாகிறது. அந்த நரம்பின் பாதையில் வரும் வலிக்குத்தான் சயாட்டிகா என்று பெயர். கோளாறு இடுப்பில், வலி காலில்!

எந்த விரல் என்று கவனியுங்கள்

டிஸ்க் பிதுங்கல் பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வரும். அதனால் இரண்டு வரைபடம் தெரிந்திருந்தாலே போதும்.

முதலாவது, காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல். இங்கே மரத்துப் போனால் ஐந்தாவது இடுப்பு நரம்பு வேரில் அழுத்தம் இருக்கலாம். இந்த வேர் பலவீனமானால் கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்குவது கஷ்டமாகும்.

இரண்டாவது, கெண்டைக்காலின் பின்பக்கம், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். இங்கே மரத்துப் போனால் அதற்கு அடுத்து, கீழே இருக்கும் வேர். இது பலவீனமானால் நுனிக்காலில் எக்கி நிற்க முடியாது.

வீட்டிலேயே மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பஞ்சை இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் தொட்டு, உணர்ச்சி ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இரண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நான்கு அடி, நுனிக்காலால் நான்கு அடி நடந்து பாருங்கள். மூன்று, இருமும்போது, தும்மும்போது காலில் மின்னல் மாதிரி வலி ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் டிஸ்க் மீது சந்தேகம் கூடும்.

இன்னொரு வேலை. மரத்துப் போன இடத்தின் எல்லையைக் காலில் பேனாவால் வரைந்து, உங்க கைபேசியில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரைந்து எடுங்க. எல்லை பெரிதாகிறதா, சுருங்குகிறதா என்று மருத்துவரிடம் வார்த்தையில் சொல்வதைவிட, தேதியோடு இருக்கும் இரண்டு போட்டோ தெளிவாகச் சொல்லிவிடும்.

கடைக்காரருக்கு என்ன ஆனது?

சனிக்கிழமை வலது கால் செருப்பு அடிக்கடி கழன்றது. படி ஏறும்போது கட்டைவிரல் தட்டியது. அதைப் பார்த்துப் பயந்துதான் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே மருத்துவர் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை மெதுவாகத் தூக்கினார். சுமார் 40 டிகிரியிலேயே முழங்காலுக்குக் கீழே வலி ஓடியது. தூக்கும்போது தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்திருந்தால் அதைத் தசை இறுக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் நரம்பு இழுபடுகிறது என்று அர்த்தம். பிறகு மருத்துவர் கட்டைவிரலைக் கீழே அழுத்தி, "எதிர்த்துத் தூக்குங்க" என்றார். இடது விரல் எதிர்த்தது, வலது விரல் கொஞ்சம் தோற்றது.

பலவீனம் இருந்ததால் அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சில நாளுக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடக்கச் சொன்னார்கள். பிசியோதெரபி தொடங்கியது. ஒரு வாரத்தில் விரலின் பலத்தை மறுபடி சோதிக்க வரச் சொன்னார்கள். "பாதம் தொங்க ஆரம்பிச்சா மட்டும் ஒரு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வந்துடுங்க" என்பது கண்டிப்பான உத்தரவு.

விரலின் பலம் குறையவில்லை, மெல்லக் கூடியது. மூன்றாவது வாரம் வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறி, பிறகு இடுப்பில் மட்டும் நின்றது. இப்படி வலி காலை விட்டு மேலே பின்வாங்குவது நல்ல அறிகுறி. கட்டைவிரல் மரப்பு போக மட்டும் மூன்று மாதம் ஆனது. நரம்பு மெதுவாகத்தான் ஆறும்.

பெரும்பாலான சயாட்டிகா 6 முதல் 12 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே நன்றாகக் குறைந்துவிடும். பிதுங்கிய கூழைப் பல சமயம் உடலே கரைத்துவிடுகிறது. சாதாரண தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும்.

உடனே ஸ்கேன் எடுக்கணுமா?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், டிஸ்க்கும் நரம்பும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அதில் டிஸ்க் பிதுங்கல் தெரிவதுண்டு. அதனால் பலவீனம் கூடினாலோ, ஆபத்து அறிகுறி இருந்தாலோ, பல வாரமாகியும் குறையாவிட்டாலோதான் பொதுவாக எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதற்கு முன் மருத்துவரின் கை பார்க்கும் பரிசோதனைதான் முக்கியம்.

இரண்டு பாதமும் விரலிலிருந்து தொடங்கி ஒரே மாதிரி எரிந்து, மரத்துப் போகிறதா? அது சயாட்டிகாவைவிட சர்க்கரை நோய் நரம்புப் பாதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் ரத்த சர்க்கரையைப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

கால் மரத்துப் போயிருக்கும்போது சுளுக்கு எடுக்கிறேன் என்று இடுப்பில் மிதிக்கவோ, இடுப்பைத் திருகவோ விடாதீங்க. பிதுங்கிய டிஸ்க் மேலும் பிதுங்கலாம். மரத்த பாதத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாது, தோல் வெந்துபோன பிறகுதான் தெரியும். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது தனி ஆபத்து.

இவை இருந்தால் மணி பார்க்காமல் கிளம்புங்கள்

சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி மரத்துப் போவது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலேயே சிறுநீரோ மலமோ கசிவது. இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வலியோ பலவீனமோ வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும், முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்தே நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். 108-ஐ அழைத்து, "முதுகு வலி" என்று மட்டும் சொல்லாமல், "சிறுநீர் வரவில்லை, அந்த இடம் மரத்துவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பாதம் தொங்குவது, காய்ச்சலோடு முதுகு வலி, கீழே விழுந்த பின் வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி, இவற்றுக்கும் அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே போவது?

அவசரம் இல்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எங்கே போவது என்று குழப்பமா? 104 சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். நடக்க முடியாமல் வீட்டில் இருப்பவருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை கிடைக்குமா என்று உங்க பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்க.

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் "இடுப்பு வலி" என்று தொடங்காதீங்க. "வலி எந்தத் தேதியில் தொடங்கியது, எது வரைக்கும் இறங்குகிறது, எந்த விரல் மரத்தது, செருப்பு கழல்கிறதா" என்ற நான்கையும் சொல்லி, அந்த இரண்டு போட்டோவையும் காட்டுங்க. சுளுக்கா நரம்பா என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கும்.